ஒரு பவுன், எத்தனை கை?

(கோவையில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் வங்கியொன்றின் தங்கப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்.)

தலைப்பைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு விலை ஏறுமா, இறங்குமா?" என்று கேட்க வந்தவர்கள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஓய்வூதியத்தை நம்பி இருந்திருக்க மாட்டேன். இன்று நான் பேசப்போவது வேறு. கடையில் நீங்கள் ஒரு பவுன் சங்கிலிக்குக் கொடுக்கும் பணம் யார் யார் கைக்குப் போகிறது என்பதுதான்.

கணக்குக்கு ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் நடுவில் தங்கம் முதன்முறையாக அவுன்சுக்கு 3,000 டாலரைத் தொட்டது. அப்போது டாலர் ஏறக்குறைய 87 ரூபாய். இந்த இரண்டும் முழு எண்களாக அமைந்துவிட்டதால் கணக்குக்கு வசதி. தங்க அவுன்ஸ் என்பது 31.1 கிராம். அப்படியானால் சுத்தத் தங்கம் கிராம் 8,391 ரூபாய். நம் பவுன் 8 கிராம், 22 காரட். அதற்குள் இருக்கும் சுத்தத் தங்கம் 7.33 கிராம், மீதி செம்பும் வெள்ளியும். ஆக ஒரு பவுனில் இருக்கும் தங்கத்துக்கு அன்றைய லண்டன் மதிப்பு சுமார் 61,500 ரூபாய். இந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுரங்கம். ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் டார்க்வா என்ற இடத்தில் ஒரு பெரிய திறந்தவெளிச் சுரங்கம் இருக்கிறது. அங்கே ஒரு டன் கல்லில் இருக்கும் தங்கம் ஏறத்தாழ ஒரு கிராம். கண்ணுக்குத் தெரியாது. 150 டன் கல் ஏற்றும் ராட்சத லாரி, சக்கரமே ஆள் உயரத்தைவிடப் பெரியது, அது ஒரு நடை போய் வந்தால் கிடைப்பது இருபது பவுனுக்கான தங்கம். அந்த ஒரு நடைக்குப் பின்னால், தங்கமே இல்லாத வெற்றுக் கல்லை அள்ளிக் கொட்டிய நடைகள் வேறு பல இருக்கின்றன. அந்தக் கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்து, கரிந்துண்டுகளில் தங்கத்தைப் பிடித்து, மின்சாரத்தில் பிரித்து, வெண்காரம் போட்டு உருக்கினால் வருவது டோரே கட்டி. அதில் தங்கம் எண்பது, தொண்ணூறு சதவீதம் இருக்கும். மிச்சத்தில் பெரும்பங்கு வெள்ளி.

டீசல், மின்சாரம், சயனைடு, சம்பளம், அரசுக்கு உரிமத்தொகை, சுரங்கத்தைத் தொடர்ந்து நடத்தத் தேவையான முதலீடு எல்லாம் சேர்த்து, உலகச் சுரங்கங்களின் சராசரிச் செலவு அப்போது அவுன்சுக்கு 1,500 டாலர் வாக்கில் இருந்தது. அதாவது நம் 61,500-இல் பாதி. மீதிப் பாதியில் வருமான வரி, கடன் வட்டி, புதுச் சுரங்கம் தேடும் செலவு, பங்குதாரர் லாபம் எல்லாம் வருகின்றன. சுரங்கத்தின் செலவு கூடியதால் உங்கள் சங்கிலி விலை கூடுவதில்லை. விலை முதலில் வருகிறது. அந்த விலைக்குக் கட்டுப்படியாகும் கல்லைத்தான் "தாது" என்கிறார்கள். கட்டுப்படியாகாவிட்டால் அதே கல் வெறும் கல்.

இதற்குக் கோலார் தங்கவயல் நமக்குத் தெரிந்த சாட்சி. இங்கே இருக்கும் சிலருக்கு அங்கே உறவே இருக்கும். வட ஆற்காட்டுப் பக்கமிருந்தும் தருமபுரிப் பக்கமிருந்தும் போய் அங்கே இறங்கியவர்கள் எத்தனையோ பேர். தொடக்கத்தில் டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த இடம் அது. கடைசிக் காலத்தில் சில கிராம்தான், அதுவும் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில். 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். அன்று அவுன்ஸ் விலை 300 டாலர்கூட இல்லை. தங்கம் தீர்ந்துபோய் மூடவில்லை.

அடுத்து சுத்திகரிப்பு ஆலை. உலகத்தின் பெரிய ஆலைகள் பல சுவிட்சர்லாந்தில், இத்தாலிய எல்லையை ஒட்டிய டிச்சினோ மாநிலத்தில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் ரேண்ட் சுத்திகரிப்பு ஆலை 1920 முதல் இருக்கிறது. வேலை இரண்டு கட்டம். உருகிய தங்கத்துக்குள் குளோரின் வாயுவை ஊதினால் வெள்ளியும் மட்ட உலோகங்களும் குளோரைடாகி மேலே மிதந்துவிடும், தங்கம் 99.5 ஆகும். அதை மின்பகுப்பில் போட்டால் 99.99. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்புகள். இன்றும் அவையே நடக்கின்றன.

இதற்குக் கூலி எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவுன்சுக்கு ஒரு டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சுரங்கத்துக்கு அதைவிடக் குறைவாகவே பேசுவார்கள். நம் பவுனுக்கு இருபது ரூபாய். கல்லில் ஒரு கிராமாக இருந்ததை நான்கு ஒன்பது சுத்தத்துக்குக் கொண்டுவந்த கடைசி வேலைக்கு ஒரு டீ, வடைக் காசு!

அப்படியென்றால் ஆலைக்காரர் எதில் பிழைக்கிறார்? சண்டையெல்லாம் கூலியில் இல்லை, மாற்றுப் பார்ப்பதில் இருக்கிறது. 25 கிலோ டோரே கட்டி ஒன்று வருகிறது. சுரங்கத்தின் சோதனைச்சாலை 88.0 சதவீதம் என்கிறது. ஆலை 87.9 என்கிறது. வித்தியாசம் பத்தில் ஒரு சதவீதம்தான். ஆனால் அது 25 கிராம் தங்கம், இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தக் கட்டி முழுவதையும் சுத்தம் செய்ய ஆலை வாங்கும் கூலியோ அறுபதாயிரம் சொச்சம். அதனால் கட்டியை உருக்கும்போதே, உருகிய நிலையில், இரு தரப்புக்கும் மாதிரி எடுப்பார்கள். மூன்றாவதாக ஒன்று முத்திரை வைத்துப் பத்திரப்படுத்தப்படும். இரு தரப்பு முடிவும் ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு மேல் விலகினால் அந்த மூன்றாவது மாதிரி நடுவர் சோதனைச்சாலைக்குப் போகும்.

அந்தச் சோதனையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். அரிசி மணிகள் போலச் சிறு துணுக்கு. அதோடு கொஞ்சம் வெள்ளி சேர்த்து, ஈயத்தாளில் பொட்டலம் மாதிரி மடித்து, எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து உலைக்குள் தள்ளுகிறார்கள். ஈயம் உருகி, செம்பையும் மற்ற மட்ட உலோகங்களையும் கூட்டிக்கொண்டு கிண்ணத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. கடைசியில் ஒரு மின்னல், அடியில் ஒரு மணி. அதைத் தட்டி, ஏடாக உருட்டி, நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்துபோகும். எஞ்சியது தங்கம். முதலில் இருந்த எடை, இப்போது இருக்கும் எடை, அவ்வளவுதான் கணக்கு. பத்தரை மாற்று என்று நம் முன்னோர் உரைகல்லில் பார்த்ததைப் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை பார்க்கும் வித்தை.

இவ்வளவு மெல்லிய லாபத்தில் ஓடும் தொழிலில் சுத்தமும் காசுதான். 99.99 கேட்டவருக்கு 99.996 கொடுத்தால் அந்தக் கடைசி ஆறு இலவசம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை அதைத் தவிர்க்கக் கட்டிகளில் துளி வெள்ளியும் செம்பும் கலந்தது. 99.99 கெடவில்லை. ஆனால் ஷாங்காய் தங்கச் சந்தை வெள்ளிக்குத் தனி வரம்பு வைத்திருந்தது. 2021-இல் சில கட்டிகள் அந்த வரம்பைத் தாண்டியது தெரிந்து பெரிய தலைகுனிவு ஆனது. மிச்சம் பிடித்தது சில துளி, போனது பேர்.

ஆலையிலிருந்து தங்கம் இரண்டு உருவத்தில் வரும். ஒன்று லண்டன் சந்தைக்கான பெரிய கட்டி. சுமார் 400 அவுன்ஸ், பன்னிரண்டரை கிலோ. பார்க்கச் சின்னதாக இருக்கிறதே என்று ஒரு கையால் எடுக்கப் போனால் மணிக்கட்டு பிசகும். நம் கணக்கில் ஒரு கட்டி பத்தரைக் கோடி ரூபாய். மற்றது கிலோ கட்டி. சின்னச் செல்போன் அளவு, மேலே ஆலை முத்திரை, தொடர் எண். லண்டனுக்குப் பெரியது வேண்டும், ஆசியாவுக்குச் சின்னது வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற உலைக்குத்தான் போக வேண்டும்.

2025 தொடக்கத்தில் இது எல்லோருக்கும் உறைத்தது. அமெரிக்கா தங்க இறக்குமதிக்கும் வரி போட்டுவிடுமோ என்ற பயத்தில் நியூயார்க் விலை லண்டனைவிட மேலே போயிற்று. வியாபாரிகள் லண்டன் கட்டிகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். நியூயார்க் சந்தை ஏற்பது 100 அவுன்ஸ் கட்டியும் கிலோ கட்டியும். அதனால் லண்டன் தங்கம் சுவிஸ் ஆலைக்குப் போய், உருகி, கிலோவாகி, பிறகு அட்லாண்டிக்கைக் கடந்தது. இங்கிலாந்து வங்கியின் பெட்டகத்திலிருந்து தங்கம் எடுக்க வாரக்கணக்கில் வரிசை. துபாயிலும் ஹாங்காங்கிலும் நம் பக்கத்துக்காக வைத்திருந்த கிலோ கட்டிகளும் மேற்கே பறந்தன. இருபது ரூபாய்க் கூலி வேலைதான், ஆனால் உலை காலியாக இல்லையென்றால் உலகச் சந்தையே காத்திருக்க வேண்டியதுதான்.

இனி என் பழைய வட்டாரம், தங்க வங்கிகள். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று என் மனைவிக்கே நான் சரியாக விளக்கியதில்லை. சுருக்கமாகச் சொன்னால், காத்திருக்கும் நாட்களை வாங்கி விற்கிறார்கள்.

சுரங்கத்திலிருந்து டோரே கிளம்பி, ஆலைக்குப் போய், சோதித்து, சுத்தமாகி, கட்டியாகி வெளியே வரப் பத்து நாள் ஆகிறது என்று வையுங்கள். 3,000 டாலருக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என்றால் பத்து நாளைக்கு ஏறத்தாழ ஐந்து டாலர். சுத்தம் செய்யும் கூலியைப் போல ஐந்து மடங்கு! நம் பவுனுக்கு நூறு ரூபாய். தங்கத்தைக் கப்பலில் அனுப்பாமல் விமானத்தில் அனுப்புவது திருட்டுப் பயத்தால் மட்டும் இல்லை. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் டோரே ஆலை வாசலைத் தொட்டதும் சுரங்கத்துக்குப் பெரும்பகுதிப் பணத்தை வங்கி முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் கட்டியை வாங்கிக்கொண்டு லண்டனில் அதே அளவு அவுன்சை ஆலையின் கணக்கில் வரவு வைக்கிறது. தங்கம் நகராது, கணக்கு நகரும்.

லண்டனில் ஒரு நாளில் கைமாறும் தங்கத்தில் பெரும்பகுதி இப்படி ஏட்டில் மாறுவதுதான். காலை 10.30-க்கும் மாலை 3 மணிக்கும் அங்கே அறிவிக்கும் விலைதான் உலகத்துக்கு அளவுகோல். 1919-இல் தொடங்கிய வழக்கம். இப்போது மின்னணு ஏலமாக நடக்கிறது.

இந்தியாவுக்கு எப்படி வருகிறது? வெளிநாட்டு வங்கி கிலோ கட்டிகளை நம் ஊர் வங்கியின் பெட்டகத்தில் கொண்டுவந்து வைக்கும். சொத்து இன்னும் அவர்களுடையதே. நகைக்கடைக்காரர் ஒருநாள் போன் செய்து, "இப்ப பிடிச்சிருங்க சார்" என்பார். அந்த வினாடி விலை நிற்கும். லண்டன் விலை, அதன் மேல் விமானச் செலவு, காப்பீடு, வங்கி லாபம் சேர்ந்த கூடுதல் தொகை, கிலோவுக்கு 32.15 அவுன்ஸ், கட்டி 995 சுத்தமானால் 31.99. இந்த 31.99 எனக்குக் கனவிலும் வரும். கூடுதல் தொகை சாதாரண நாட்களில் அவுன்சுக்கு ஒன்றிரண்டு டாலர். பவுனுக்கு இன்னொரு இருபது, நாற்பது ரூபாய். விலை திடீரென ஏறி வாங்குவோர் ஒதுங்கினால் உள்ளூர் வியாபாரி அடக்கத்துக்குக் கீழே தள்ளிவிடுவதும் உண்டு. பெரிய கடைகள் பணத்துக்குப் பதில் தங்கத்தையே கடனாக வாங்கி, நகையாக்கி விற்ற பிறகு அன்றைய விலையில் கடனைத் தீர்ப்பதும் உண்டு. அதில் விலை ஏற்ற இறக்கம் அவர்கள் தலையில் விழாது.

ஆக, கானாவிலிருந்து சுவிட்சர்லாந்து, அங்கிருந்து சென்னை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், இரண்டு உலை, மூன்று வங்கி. எல்லாம் சேர்த்துப் பவுனுக்கு ஏறியது இருநூறு ரூபாய்கூட இல்லை. விமானம் சென்னையில் தரை தொட்டதும்தான் பெரிய தாவல்.

சுங்க வரி. 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். அன்று ஒரே நாளில் பவுன் இரண்டாயிரத்துக்கு மேல் இறங்கியது நினைவிருக்கும். லண்டனில் ஒன்றும் நடக்கவில்லை. நம் நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கியம் வாசிக்கப்பட்டது, அவ்வளவே. நம் பவுனில் 6 சதவீதம் என்பது 3,690 ரூபாய். இதில் ஒரு நுணுக்கம்: வரி இறக்குமதியாளர் வாங்கிய விலைக்குப் போடப்படுவதில்லை. பத்து கிராமுக்கு இத்தனை டாலர் என்று அரசு ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மதிப்பை அறிவிக்கும், அதன்மேல்தான் வரி. நடுவில் விலை எகிறினால் இறக்குமதியாளருக்குக் கொஞ்சம் லாபம், சரிந்தால் நஷ்டம்.

அப்போது டோரேவாக இறக்கினால் வரி 5.35 சதவீதம். வித்தியாசம் 0.65 தானே என்று தோன்றும். பவுனுக்கு நானூறு ரூபாய். சுத்தம் செய்யும் கூலி இருபது ரூபாய், வரிச் சலுகை நானூறு! நம் நாட்டில் சிறு சுத்திகரிப்பு ஆலைகள் ஏன் முளைக்கின்றன, வரி வித்தியாசத்தில் கை வைத்தால் ஏன் அவை மூடுகின்றன என்பது இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. அந்தத் தொழிலை உலோகவியல் என்பதைவிட வரியியல் என்று சொல்லலாம். நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வரியோடு நம் பவுன் 65,200 ரூபாய். கடையின் போர்டு ரேட் 66,000 என்று வைப்போம். நடுவில் இருக்கும் எண்ணூறு ரூபாயில் நான் இதுவரை சொன்ன அத்தனை கூலியும், மொத்த வியாபாரியின் லாபமும், போர்டு ரேட் வைப்பவர்கள் விலை ஏற்ற இறக்கத்துக்குப் பிடித்துக்கொள்ளும் ஓரமும் அடக்கம்.

இப்போது சேதாரம். இந்தச் சொல்லைக் கேட்டதும் அரங்கில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது.

சேதாரம் என்றால் பட்டறையில் தங்கம் வீணாவது என்று பொருள். ஆசாரி கையால் அராவி, பற்றவைத்து, மெருகு போட்ட காலத்தில் உண்மையிலேயே வீணானது. அப்போதும் தூசி தெருவுக்குப் போகாது. பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணை விலைக்கு வாங்க ஆள் உண்டு. நம் கோவையில் பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அரித்துப் பொன் எடுப்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். இன்று இயந்திரத்தில் பின்னும் சங்கிலியில் உண்மையான சேதம் மிகக் குறைவு. அப்புறம் கடை சேதாரம் என்று வாங்கும் பன்னிரண்டு சதவீதம் எங்கே போகிறது?

பட்டறைக்கும் கடைக்கும் இடையே பேச்சு ரூபாயில் நடப்பதில்லை, டச்சில் நடக்கிறது. 22 காரட் நகையில் தங்கம் 91.6. "இந்தச் சங்கிலி 94.6 டச்" என்று பட்டறைக்காரர் சொன்னால், நூறு கிராம் நகைக்கு 94.6 கிராம் சுத்தத் தங்கம் திருப்பிக் கொடு என்று பொருள். நடுவில் இருக்கும் மூன்று கிராம் அவருடைய கூலி, சேதம், லாபம் எல்லாம். நம் ஒரு பவுனில் இது 0.24 கிராம், 2,160 ரூபாய். கடை உங்களிடம் வாங்கும் 12 சதவீதம் 7,920 ரூபாய். கழித்தால் 5,760 ரூபாய் கடையில் நிற்கிறது. எல்லாம் லாபம் என்று நான் சொல்லவில்லை. ஏசி, வாடகை, ஆள், நடிகர் வரும் விளம்பரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆறு மாதம் விற்காமல் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் நகைக்கு வட்டி, எல்லாம் இதிலிருந்துதான். ஆனால் அதற்குச் "சேதாரம்" என்று பெயர் வைத்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கடைச் செலவு என்று பில்லில் எழுதினால் பேரம் பேசத் தோன்றும். சேதம் என்றால் பாவம், போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

மீதிக் கணக்கை முடித்துவிடுகிறேன். 66,000-மும் 7,920-மும் சேர்ந்து 73,920. அதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,218. இறக்குமதியின்போதும் இடையிலும் கட்டிய ஜி.எஸ்.டி.யை வியாபாரிகள் கழித்துக்கொள்வார்கள். கழிக்க முடியாத ஒரே ஆள் நீங்கள். ஹால்மார்க் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாய், அதற்கு வரி சேர்த்து 53. மொத்தம் 76,191 ரூபாய்.

லண்டனில் 61,500. இங்கே 76,191. இடையில் ஏறிய பதினான்காயிரத்து எழுநூறில், அரசுக்கு ஆறாயிரம் வாக்கில், கடைக்கும் பட்டறைக்கும் எட்டாயிரம் வாக்கில்.

நேரமாகிவிட்டது, கடைசியாக ஒன்று. அந்தச் சங்கிலியை மறுநாளே விற்கப் போனால் சேதாரமும் ஜி.எஸ்.டி.யும் திரும்பி வராது என்பது உங்களுக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது, பழைய நகையை உருக்கும்போது நடப்பது. கடையில் கதிர்வீச்சு இயந்திரத்தில் வைத்து 91.6 காட்டுவார்கள். அது மேல்தோலைத்தான் பார்க்கிறது. ஹால்மார்க் இல்லாத காலத்துக் கண்ணிச் சங்கிலியில் நூறு இடத்தில் பற்றவைத்திருப்பார்கள்; பற்றாசில் தங்கம் குறைவு. உருக்கிப் பார்த்தால் 88, 89-க்கு வந்து நிற்கும். எங்கள் அம்மாவின் சங்கிலியை நான் உருக்கக் கொடுத்தபோது 87.4 வந்தது. அதனால் எதிரிலேயே உருக்கச் சொல்லுங்கள், உருக்கிய பிறகு எடையையும் மாற்றையும் எழுதி வாங்குங்கள். உருக்கிய கட்டி பிறகு எங்கே போகும் என்று கேட்டால், சென்னையிலோ கோவையிலோ ஒரு சிறு ஆலைக்கு. மறுபடியும் நைட்ரிக் அமிலம், மறுபடியும் இருபது ரூபாய்.